சுவிட்ச் எது எங்கே, அப்லிங்க் எப்படிப் போகிறது, எதைத் தொட்டால் என்ன ஆகும்: கிளம்பும் முன் எழுதிக் கொடுத்த குறிப்பு

கேள்வி: சார், இந்த மாதக் கடைசியில் நீங்க கிளம்புறீங்க. நெட்வொர்க் வரைபடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதைப் பார்த்து எனக்கு எதுவும் பிடிபடவில்லை. எந்த சுவிட்ச் எங்கே இருக்கு, அப்லிங்க் எது, எது எப்போது மக்கர் பண்ணும், இதையெல்லாம் கொஞ்சம் விரிவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா?

பதில்:

அந்த வரைபடம் தவறில்லை. ஆனால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. இந்த நெட்வொர்க்கில் பெரும்பாலும் எல்லாமே இரட்டையாக இருப்பதால் ஒன்று கெட்டாலும் வெளியே தெரியாது. விளக்கு பச்சையாக எரியும், கண்காணிப்புத் திரையும் பச்சையாகவே இருக்கும், பாதிப் பேர் மட்டும் புலம்புவார்கள். அதனால் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இப்படி மறைந்து கிடக்கும் சிக்கல்களைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சர்வர் அறையில், ரேக்கின் மேல் பகுதியில் இருக்கும் இரண்டு பெட்டிகளும் சேர்ந்து ஒரே சுவிட்ச். பெயர் `CORE`. இரண்டும் ஸ்டாக் கேபிளால் இணைக்கப்பட்டவை. மேலே இருப்பது மெம்பர் 1, கீழே இருப்பது மெம்பர் 2. எல்லா விலேன்களுக்கும் கேட்வே முகவரி இங்கேதான். ஸ்பேனிங் ட்ரீயின் ரூட்டும் இதுதான். இதன் பிரையாரிட்டி 4096. மற்ற சுவிட்ச்கள் எல்லாம் தொழிற்சாலை அளவான 32768-இல் இருக்கின்றன. யாராவது அதே தொழிற்சாலை அளவில் இருக்கும் பழைய சுவிட்ச் ஒன்றைக் கொண்டுவந்து செருகினாலும் ரூட் இடம் மாறாது.

தரைத்தளத்தில் `ACC-1`, முதல் தளத்தில் `ACC-2`, இரண்டாம் தளத்தில் `ACC-3`, பின்கட்டடத்தில் `ACC-4`. இந்த நான்கிலிருந்தும் தலா இரண்டு ஃபைபர் லிங்க்குகள் கோருக்கு வருகின்றன, ஒன்று மெம்பர் 1-க்கு, மற்றொன்று மெம்பர் 2-க்கு. இரண்டும் எல்.ஏ.சி.பி மூலம் ஒரே போர்ட்-சேனலாகக் கட்டப்பட்டிருக்கின்றன. எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். சுவிட்சின் எண், கோரில் அது செருகியிருக்கும் போர்ட்டின் எண், சேனலின் எண் மூன்றும் ஒன்றே.

```
ACC-1  Te1/1/1 -> CORE Te1/0/1   Te1/1/2 -> CORE Te2/0/1   Po1
ACC-2  Te1/1/1 -> CORE Te1/0/2   Te1/1/2 -> CORE Te2/0/2   Po2
ACC-3  Te1/1/1 -> CORE Te1/0/3   Te1/1/2 -> CORE Te2/0/3   Po3
ACC-4  Gi1/1/1 -> CORE Te1/0/4   Gi1/1/2 -> CORE Te2/0/4   Po4
ACC-5  Gi0/9   -> ACC-3 Gi1/0/47
```

ஃபயர்வால் இரண்டு மெம்பர்களிலும் 24-ஆம் போர்ட்டில் இருக்கிறது. நிர்வாக விலேன் 99. `ACC-2`-இன் முகவரி 10.99.0.12, `ACC-3`-இன் முகவரி 10.99.0.13, மற்றவையும் அதே வரிசை. இதற்கு மேல் வேண்டியதை `show cdp neighbors` சொல்லும். ரேக்கில் ஒட்டியிருக்கும் லேபிளை விட அதையே நம்புங்கள்.

இனி முதல் தளத்தின் கதை. இது திரும்ப வரும் என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

புகார் வந்த விதமே விசித்திரமாக இருந்தது. முதல் தளத்தில் சிலருக்குக் கணக்குப் பிரிவு மென்பொருள் இழுத்து இழுத்துத் திறந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு எந்தக் குறையும் இல்லை. அதே நபருக்கு ஃபைல் சர்வர் சட்டென்று திறக்கிறது, கணக்கு சர்வர் மட்டும் திணறுகிறது. வைஃபைக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. கணக்கு சர்வரின் மீது பழி விழ இத்தனையும் போதும், விழவும் செய்தது. ஆனால் மற்ற தளங்களில் அதே சர்வரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சேனலில் இரண்டு லிங்க் இருந்தாலும் ஒரு உரையாடலின் பாக்கெட்டுகள் இரண்டிலும் பிரிந்து போவதில்லை. அனுப்புபவர், பெறுபவர் இருவரின் ஐ.பி முகவரியையும் வைத்து சுவிட்ச் ஒரு கணக்குப் போட்டு ஒரு லிங்க்கைத் தேர்ந்தெடுக்கும். அதே இரண்டு முகவரிகள் என்றால் எப்போதும் அதே லிங்க்தான். ஒரு லிங்க் கெட்டிருந்தால் யார் எந்த சர்வரோடு பேசும்போது அந்த லிங்க்கில் விழுகிறார்களோ அந்த ஜோடி மட்டும் நிரந்தரமாகப் பாதிக்கப்படும். வைஃபைக்கு மாறினால் கணினிக்கு வேறு முகவரி கிடைக்கிறது, கணக்கு மாறுகிறது, நல்ல லிங்க்குக்குப் போய்விடுகிறது. "வைஃபையில் நல்லா வருது" என்று ஒருவர் சொன்னால் இந்தக் கட்டடத்தில் முதலில் சேனலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கண்காணிப்பு சர்வர் இதைக் கண்டுபிடிக்காததற்கும் அதுவே காரணம். அது 10.99.0.12-க்குப் பிங் அனுப்புகிறது. அந்த இரண்டு முகவரிகளும் நல்ல லிங்க்கில் விழுந்திருந்தன. கெட்ட லிங்க்கிலேயே விழுந்திருந்தாலும் பெரிதாகத் தெரிந்திருக்காது. பிங் சிறிய ஃப்ரேம். 64 பைட் என்றால் 512 பிட். முழு அளவு ஃப்ரேம் 1518 பைட், அதாவது 12,144 பிட். பிட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெடும்போது பெரிய ஃப்ரேம் அடிபடும் வாய்ப்பு சுமார் 24 மடங்கு. பெரியவற்றில் நூற்றுக்கு ஒன்று போனால் சிறியவற்றில் ஏறக்குறைய 2,400-க்கு ஒன்றுதான் போகும். பிங் பார்த்துவிட்டு லைன் சுத்தம் என்று சொல்லிவிடலாம், ஆனால் டி.சி.பி-க்கு நூற்றுக்கு ஒன்று இழப்பு என்பதே வேகத்தைப் படுக்க வைத்துவிடும்.

சரி, பார்ப்பது எப்படி? முதலில் சேனல் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

```
show etherchannel summary
```

`Po2(SU)` என்றும், அதன் இரண்டு போர்ட்டுகளுக்கும் பக்கத்தில் `(P)` என்றும் இருந்தால் இரண்டும் கட்டில் இருக்கின்றன. அன்றைக்கும் அப்படித்தான் காட்டியது. எல்.ஏ.சி.பி-யின் கட்டுப்பாட்டுச் செய்திகளும் சிறியவை, எப்போதாவது ஒன்று போகும் அவ்வளவுதான். அவை வந்து சேரும் வரை, லிங்க் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் அது கட்டை விட்டு வெளியேறாது. `(P)` என்பது நலமாக இருக்கிறது என்ற சான்றிதழ் இல்லை.

அடுத்தது பிழை எண்ணிக்கை. பழைய எண்கள் குழப்பும் என்பதால் துடைத்துவிட்டு, வேலை நேரத்தில் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். இரண்டு முனையிலும் பாருங்கள், இது முக்கியம். சி.ஆர்.சி பிழையைப் பெறும் முனைதான் எண்ணும், அனுப்பும் முனைக்கு எதுவும் தெரியாது.

```
clear counters Te1/1/2
show interfaces Te1/1/2 | include CRC
show interfaces Te1/1/2 transceiver
```

`ACC-2`-இன் `Te1/1/2`-இல் சி.ஆர்.சி ஏறிக்கொண்டே இருந்தது. எதிர்முனையான கோர் `Te2/0/2`-இல் பூஜ்யம். அப்படியென்றால் கோரிலிருந்து முதல் தளத்துக்கு வரும் இழையில்தான் கோளாறு, திரும்பிப் போகும் இழை நன்றாக இருக்கிறது. மூன்றாவது கட்டளை ஒளியின் அளவைக் காட்டும். மற்ற லிங்க்குகளில் பெறும் ஒளி மைனஸ் 2-க்கும் மைனஸ் 4-க்கும் இடையில் இருக்கும்போது இங்கே மைனஸ் 10.8 டி.பி.எம். இந்த 10 ஜி எஸ்.ஆர் மாட்யூல்களுக்கு மைனஸ் 9.9 தான் கீழ் எல்லை. அதைத் தாண்டியும் லிங்க் உடனே விழுந்துவிடாது, முக்கி முனகிக்கொண்டு ஓடும்.

எந்த ஜோடி எந்த லிங்க்கில் போகிறது என்று நேராகக் கேட்கவும் வழி உண்டு. எல்லா மாடல்களிலும் இந்தக் கட்டளை இல்லை, கோரில் இருக்கிறது. முதல் முகவரி சர்வர், இரண்டாவது புகார் சொன்னவரின் கணினி.

```
test etherchannel load-balance interface port-channel 2 ip 10.20.0.57 10.10.0.31
```

புகார் சொன்னவர்களின் கணினிகள் எல்லாம் `Te2/0/2` என்றே காட்டின. பிறகு அந்த லிங்க்கை மட்டும் `shutdown` செய்ததும் முதல் தளம் அமைதியானது. ஒரு லிங்க்கே 10 ஜி, அந்தத் தளத்துக்கு அது தாராளம். இங்கே ஒரு எச்சரிக்கை: இந்த `shutdown`-ஐ எப்போதும் கோரின் பக்கத்திலிருந்தே போடுங்கள். `ACC-2`-க்குள் நுழைந்து போட்டு, நல்ல லிங்க்கைத் தவறி அணைத்துவிட்டால், நீங்கள் நுழைந்த வழியும் கெட்ட லிங்க்குக்கு மாறிவிடும். இரண்டையும் அணைத்துவிட்டால் மாடிப்படி ஏறி கன்சோல் கேபிள் செருக வேண்டியதுதான். கோரிலிருந்து போட்டால் `no shutdown` என்று உட்கார்ந்த இடத்திலேயே திருப்பிவிடலாம்.

காரணம் முதல் தளக் கேபினெட்டின் கதவு. கேபினெட்டுக்கு ஆழம் போதாது. பேட்ச் கார்டின் வளைவைக் கதவு அழுத்திக்கொண்டிருந்தது. கார்டை மாற்றி, முனைகளைத் துடைத்து, வளைவை இடது பக்கமாகக் கொண்டுபோன பிறகு பெறும் ஒளி மைனஸ் 3-க்கு வந்தது. ஆனால் கேபினெட் அதேதான், ஆழமும் அதேதான். ஏ.சி பார்க்க வருபவரோ தொலைபேசிக்காரரோ கதவைத் திறந்து மூடினால் கார்டு மறுபடி வெளியே பிதுங்கலாம். அந்தக் கேபினெட்டை யார் திறந்தாலும் மறுநாள் ஒளியின் அளவைப் பார்த்துவிடுங்கள். அந்தத் தளத்துக்குப் போகும் ஃபைபரில் 7, 8 எண் இழைகள் காலியாக, இரண்டு முனையிலும் முடிக்கப்பட்ட நிலையில் இருக்கின்றன. அவசரத்துக்கு அதில் மாற்றலாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. கோரில் `port-channel load-balance src-dst-ip` என்று ஒரு வரி இருக்கிறது. ஏதோ அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இந்த வகை சுவிட்ச்கள் பலவற்றில் இயல்பாக இருப்பது அனுப்புபவரின் மேக் முகவரியை மட்டும் பார்ப்பது. சர்வர்கள் வேறு விலேனில் இருப்பதால் அங்கிருந்து மாடிக்குப் போகும் பாக்கெட்டுகளில் எல்லாம் அனுப்புபவர் மேக் ஒன்றே ஒன்றுதான்: கேட்வேயுடையது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாமே ஒரே லிங்க்கில் விழும், மற்றது சும்மா கிடக்கும். கோரை மாற்றும் நாளில் விலேன்களையும் போர்ட்டுகளையும் நகலெடுத்துவிட்டு இந்த ஒரு வரியை மறப்பது ரொம்பச் சுலபம். பிழை எதுவும் வராது. `show interfaces` காட்டும் ஐந்து நிமிட வேகத்தில் ஒரு லிங்க் நிரம்பியும் மற்றது கிட்டத்தட்ட வெறுமையாகவும் இருந்தால் இதுதான்.

பின்கட்டடத்துக்கு, அதாவது `ACC-4`-க்கு, ஏன் 1 ஜி மட்டும் என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். கோரின் பக்கம் 10 ஜி போர்ட், உள்ளே 1 ஜி மாட்யூல். பார்ப்பவருக்கு யாரோ கஞ்சத்தனம் பண்ணியது போலத் தெரியும். மண்ணுக்கு அடியில் போகும் ஃபைபர் பழைய 62.5 மைக்ரான் ஓ.எம்1, நீளம் ஏறக்குறைய 180 மீட்டர். அதில் 1 ஜி எஸ்.எக்ஸ் 220 மீட்டருக்குக் குறையாமல் போகும், அதனால் பிரச்சினையில்லை. 10 ஜி எஸ்.ஆர் அதே இழையில் 33 மீட்டரைத் தாண்டாது. சுவரில் கடல்நீல நிற பேட்ச் கார்டு மாட்டியிருப்பதைப் பார்த்து ஓ.எம்3 என்று எண்ணிவிடாதீர்கள். பேட்ச் கார்டு அது, சுவருக்குப் பின்னால் இருப்பது வேறு, ஓ.எம்3 கார்டின் மையம் 50 மைக்ரான் என்பதால் அது அங்கே இருப்பதே சரியில்லை. 62.5-லிருந்து 50-க்குள் நுழையும் இடத்தில் ஒளி கொஞ்சம் வீணாகும். 1 ஜி-க்கு அது தாங்குகிறது என்பதால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரஞ்சு நிற 62.5 கார்டு கிடைத்தால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது கார்டின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள், ஆரஞ்சு நிறத்தில் 50 மைக்ரானும் வரும்.

அந்த லிங்க்கில் ஒன்றை மட்டும் 10 ஜி ஆக்கிப் பார்ப்போமே என்ற எண்ணமும் வேண்டாம். `ACC-4`-இல் இருப்பது 1 ஜி குழிகள். அப்படியே சுவிட்சை மாற்றினாலும் ஒரு சேனலில் இருக்கும் லிங்க்குகளின் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்று கட்டில் சேராமல் நிறுத்திவைக்கப்படும். வேகம் வேண்டுமென்றால் புது சிங்கிள் மோட் ஃபைபர் இழுப்பதுதான் வழி.

அப்புறம் `ACC-5`. பெரிய கூட்ட அறையின் மேசைக்கு அடியில் இருக்கும் எட்டு போர்ட் சுவிட்ச். அந்த அறைக்குத் தனி ஃபைபர் இல்லாததால் `ACC-3`-இன் 47-ஆம் போர்ட்டிலிருந்து செப்புக் கேபிளில் போகிறது. இரட்டை இல்லாத ஒரே லிங்க் இதுதான். நான் இங்கே மிகவும் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான்.

`ACC-3`-இல் 1 முதல் 46 வரையும் 48-உம் பயனர் போர்ட்டுகள். அவை எல்லாவற்றிலும் போர்ட்ஃபாஸ்டும், சுவிட்ச்கள் அனுப்பும் பி.பி.டி.யு செய்தி வந்தால் போர்ட்டை அணைத்துவிடும் பி.பி.டி.யு கார்டும் உண்டு. யாராவது சுவரில் இருக்கும் இரண்டு சாக்கெட்டுகளை ஒரே கேபிளால் இணைத்துவிட்டால் போர்ட் தானே அணைந்துவிடும். 47-இல் மட்டும் பி.பி.டி.யு கார்டு இருக்கக் கூடாது, அதற்கு அப்பால் இருப்பது ஒரு சுவிட்ச். ஆனால் பேட்ச் பேனலில் பார்த்தால் 46-க்கும் 47-க்கும் வித்தியாசமே தெரியாது. `interface range Gi1/0/1 - 48` என்று எழுதிப் பயனர் அமைப்பை மொத்தமாக ஒட்டுவது எல்லோருக்கும் வரும் பழக்கம்.

அப்படி ஒட்டினாலும் பெரும்பாலும் உடனே எதுவும் நடக்காது, அதுதான் இதில் உள்ள வம்பு. ரேப்பிட் ஸ்பேனிங் ட்ரீயில் `ACC-5` தன் ரூட் போர்ட்டிலிருந்து வழக்கமாக பி.பி.டி.யு அனுப்புவதில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். எதுவும் வராதபோது பி.பி.டி.யு கார்டுக்கும் வேலையில்லை. லிங்க் புதிதாக எழும்போதுதான் `ACC-5` நானே ரூட் என்ற நினைப்பில் ஒன்றிரண்டு பி.பி.டி.யு அனுப்பும். கூட்ட அறையின் மின்சாரம் மாலையில் மொத்தமாக அணைக்கப்படுகிறது, `ACC-5`-உம் அதோடு அணைகிறது. ஆக, பிற்பகலில் செய்த மாற்றத்துக்கு மறுநாள் காலையில் அறை செத்துக் கிடக்கும். முந்தைய நாள் தொட்டதையும் இன்று விழுந்ததையும் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

அடையாளம் இதுதான்: அணைந்த போர்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து உடனே விழும். மீட்பு நேரம் 300 நொடி என்று வைத்திருக்கிறேன். எழுந்தவுடன் லிங்க் புதிதாக வருகிறது, பி.பி.டி.யு வருகிறது, மறுபடி அணைகிறது.

```
show interfaces status err-disabled
show running-config interface Gi1/0/47
```

முதல் கட்டளை காரணத்தை `bpduguard` என்று எழுதியே காட்டும். அந்த வரியை எடுத்துவிட்டு போர்ட்டை `shutdown`, `no shutdown` செய்தால் முடிந்தது. 47-இன் விளக்கத்தில் `UPLINK-ACC-5 NO BPDUGUARD` என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் ரேஞ்ச் போடுபவர் விளக்கத்தைப் படிப்பதில்லை. முடிந்தால் கூட்ட அறையின் அந்த ஒரு பிளக்கை மட்டும் எப்போதும் மின்சாரம் இருக்கும் இணைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். கேட்டுப் பார்த்தேன், இதுவரை நடக்கவில்லை.

கோர் ஸ்டாக்கைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டும் ஒரே சுவிட்ச் என்பதால் `reload` என்று அடித்தால் இரண்டும் சேர்ந்து போகும், கட்டடம் முழுவதும் நிற்கும். ஒன்றை மட்டும் மறுதொடக்கம் செய்ய `reload slot 2`. மற்ற சுவிட்ச்களில் ஆபத்தான மாற்றத்துக்கு முன்னால் `reload in 10` போட்டு வைத்து, எல்லாம் நன்றாக இருந்தால் `reload cancel` செய்வது நல்ல பழக்கம். கோரில் அதைச் செய்யாதீர்கள். `show switch` பார்க்கும்போது மெம்பர் 2 தலைமையில் இருந்தால் பதற வேண்டாம். மெம்பர் 1-இன் பிரையாரிட்டி 15 என்றாலும் அது ஒருமுறை விழுந்து திரும்பினால் தலைமையைப் பிடுங்கிக்கொள்ளாது. அடுத்த முழு மறுதொடக்கத்தில் தானே மாறும்.

கோரின் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை பாக்கி இருக்கிறது. அது இரண்டு மெம்பர்களையும் ஒன்றாகத்தான் கீழே கொண்டுபோகும், இரட்டையாக இருப்பது அங்கே உதவாது. ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தொடங்கும் முன் நான்கு சேனல்களின் `show etherchannel summary`-ஐயும் எட்டு லிங்க்குகளின் ஒளி அளவையும் ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். மேலே வந்ததும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாட்யூலைக் கழற்றி மாட்டியிருந்தால் அதிலும் வித்தியாசம் தெரியும். உபரி எஸ்.ஆர் மாட்யூல்கள் இரண்டும் எஸ்.எக்ஸ் ஒன்றும் ரேக்கின் அடித்தட்டில், ஃபைபர் துடைக்கும் பேனாவோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கன்சோல் கேபிளும் அங்கேதான்.